மின்மடல் எழுதிச் சம்பாதிக்கலாமா?

எழுத்தால் வயிறு நிறையாது என்பது நமது வீடுகளில் பழகிப்போன பேச்சு. கட்டுரைப் போட்டியில் முதற்பரிசு பெற்று வரும் மகளை மனமாரப் பாராட்டும் பெற்றோரே, அடுத்த நிமிடம் "சரி, இனி பாடத்தைப் பார்" என்றும் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் பெரும்பகுதி உண்மைதான். கதையும் கவிதையும் எழுதி இந்நாட்டில் குடும்பம் நடத்தியவர்கள் மிகச் சொற்பம். ஆயினும், எழுத்தில் ஒரு வகையை வாசகர்கள் மாதாமாதம் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அதுதான் மின்மடல். ஒரே விடயத்தைப் பற்றி, குறித்த நாளில், கேட்டுப் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் மின்னஞ்சலில் அனுப்பப்படும் கடிதம் அது.

அதனால் சம்பாதிக்க முடியுமா என்று மாணவியரும் பெற்றோரும் கேட்கிறார்கள். முடியும் என்பதே எனது அபிப்பிராயம். ஆனால் பலருக்குப் பிடித்ததை எழுதுகிறவரை விட, சிலருக்குத் தவிர்க்க முடியாததை எழுதுகிறவருக்கே அது கைகூடுகிறது. அதுவும் மெதுவாகவே கைகூடுகிறது. எவ்வளவு மெதுவாக என்பதைக் கணக்கோடு சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறுகிய விடயம் ஏன் விலைபோகிறது?

பென் தாம்சன் என்ற அமெரிக்கர் 2013ஆம் ஆண்டு 'ஸ்ட்ராடெக்கரி' என்ற பெயரில் எழுதத் தொடங்கினார். தொழில்நுட்ப நிறுவனங்கள் எப்படி வியாபாரம் செய்கின்றன என்பது மட்டுமே அவரது விடயம். புதிய கைத்தொலைபேசியின் படம் நல்லதா என்று அவர் எழுதவில்லை. அந்தக் கைத்தொலைபேசியை விற்பவர் ஏன் அந்த விலையை வைத்தார் என்று எழுதினார். அடுத்த ஆண்டு, 2014இல், சந்தா அறவிடத் தொடங்கினார். அமெரிக்கத் தொழில்நுட்ப உலகின் மையத்தில் இருந்துகொண்டு அவர் இதைச் செய்யவில்லை. பல ஆண்டுகள் தாய்வானின் தாய்பே நகரிலிருந்தே எழுதினார். வாரத்துக்கு ஒரு கட்டுரை எவருக்கும் இலவசம். ஏனைய நாட்களின் ஆய்வு மடல்கள் சந்தாதாரருக்கு மட்டும். இலவசக் கட்டுரையைப் படித்தவர்கள் நண்பருக்கு அனுப்பினார்கள். அந்த நண்பர்களில் சிலர் சந்தாதாரர் ஆனார்கள். இன்றும் இந்த ஒழுங்கையே பலரும் பின்பற்றுகிறார்கள்.

பில் பிஷப் என்பவரின் 'சைனோசிசம்' இன்னோர் உதாரணம். சீனாவின் அரசியலையும் பொருளாதாரத்தையும் பற்றிய மடல் அது. அவர் பெய்ஜிங்கில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். சீன மொழி அறிந்தவர். அந்த மடலை ஆண்டுக்கணக்கில் இலவசமாகவே அனுப்பி வந்தார். 2017இல் 'சப்ஸ்டாக்' என்ற மின்மடல் சேவை ஆரம்பமானபோது, அதில் கட்டண மடலை வெளியிட்ட முதல் எழுத்தாளர் அவர்தான். பணம் கேட்ட நாளில் அவரிடம் புதிய வாசகர்கள் வரவேண்டும் என்ற அவசரம் இல்லை. பழைய வாசகர்கள் ஏற்கனவே இருந்தார்கள்.

இவ்விருவரின் வாசகர்களும் யார் என்று பாருங்கள். முதலீட்டாளர், நிறுவன முகாமையாளர், இராஜதந்திரி, ஆய்வாளர் போன்றோரே அவர்கள். மடலில் வரும் ஒரு தகவல் தெரியாமல் போனால் அவர்களுக்குப் பண நட்டமோ தொழில் நட்டமோ ஏற்படும். ஆகவே சந்தாப் பணத்தை அவர்கள் தொழிற்செலவாகவே பார்க்கிறார்கள். பொழுதுபோக்குக்குப் பணம் கொடுப்பவர் கையிருப்புக் குறையும் மாதத்தில் முதலில் வெட்டுவது அந்தச் செலவைத்தான். தேவைக்குக் கொடுப்பவர் அப்படி வெட்டுவதில்லை.

ஒரு உதாரணக் கணக்கு

இதை நமது சூழலுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். வணிகப் பிரிவில் உயர்தரம் முடித்து, கணக்கியல் தொழிற்பரீட்சைக்குப் படித்துக்கொண்டு, ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பயிற்சி பெறும் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் கணக்கெழுதுவோருக்காக அவள் தமிழில் ஒரு மடல் தொடங்குகிறாள். இரண்டு வாரத்துக்கு ஒன்று.

அவள் எதை எழுதுவாள்? ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும் செலுத்த வேண்டும்; ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 சதவீதம் செலுத்த வேண்டும். ஒரு மாதச் சம்பளத்துக்குரிய பணம் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம். இது பலருக்கும் தெரியும். ஆனால் மாதத்தின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு எப்படிக் கணக்கிடுவது, எந்தக் கொடுப்பனவு சம்பளத்தில் சேரும், எது சேராது என்ற இடத்தில் கை தடுமாறும். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்தபோது, அதற்கு முன்னர் முற்பணம் வாங்கிய பொருளுக்கு எந்த வீதம் என்று எத்தனை கடைகளில் குழம்பியிருப்பார்கள்! ஒரு மடலுக்கு இப்படியான ஒரு கேள்வி, அதற்கு எண்களோடு ஒரு விளக்கம், அடுத்த இரண்டு வாரங்களுக்குள் செலுத்த வேண்டியவற்றின் திகதிகள். அவ்வளவுதான். அலுவலகத்திலுள்ள மூத்த கணக்காளர் ஒருவர் பார்த்துத் திருத்தாமல் எந்த மடலும் வெளியே போகக் கூடாது. பிழையான வரித் தகவல் ஒன்று போனால், அதுவரை சம்பாதித்த நம்பிக்கை முழுவதும் அன்றோடு போய்விடும்.

இந்த வாசகர்களைத் தெரிந்தெடுத்ததில் ஒரு காரணம் இருக்கிறது. அவர்கள் தினமும் அலுவலகக் கணினியில் மின்னஞ்சலைத் திறப்பவர்கள். வீட்டிலிருந்து தையல் செய்யும் சகோதரிகளுக்காகத் துணி விலை மடல் ஒன்றை நடத்தலாமே என்று தோன்றும். தேவை உண்மையானதுதான். ஆனால் அவர்கள் வட்சப்பில் இருக்கிறார்கள், மின்னஞ்சலைத் திறப்பதில்லை. வெளிநாட்டுப் புலமைப்பரிசில்கள் பற்றிய மடலுக்கு வேறொரு குறை உண்டு. புலமைப்பரிசில் கிடைத்தவுடன் வாசகி விலகிவிடுவாள், கிடைக்காது என்று சலித்தாலும் விலகிவிடுவாள். கணக்கெழுதுவோருக்கோ அடுத்த மாதமும் மாதமுடிவு வரும்.

இனி எண்களைப் பார்ப்போம். இவை கற்பனை எண்களே. விகிதங்களைப் புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். ஓராண்டு இலவசமாக அனுப்பிய பின்னர் அவளது பட்டியலில் 1000 பேர் இருக்கிறார்கள் என்று வைப்போம். இலவச வாசகர் நூறு பேரில் ஐந்து பேர் பணம் கொடுக்க முன்வந்தால் அது நல்ல நிலைமை. அப்படியானால் 50 பேர். ஆண்டுச் சந்தா 4000 ரூபாய் என்றால் வருவது 200,000 ரூபாய். ஆண்டுக்கு 26 மடல்; ஒரு மடலுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் 208 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 960 ரூபாய். பயிற்சிக் காலத்தில் ஒரு மாணவிக்கு இது கௌரவமான பக்க வருமானம். ஒரு குடும்பத்துக்கு இது சம்பளம் ஆகாது. இந்த வித்தியாசத்தை மறைத்துப் பேசுவோரை நம்ப வேண்டாம்.

இரண்டாம் ஆண்டில்தான் உண்மையான சோதனை. 50 பேரில் 35 பேர் புதுப்பித்தார்கள், 15 பேர் புதுப்பிக்கவில்லை என்று வைப்போம். இருந்த இடத்தில் நிற்பதற்கே 15 புதிய சந்தாதாரர்கள் தேவை. அதே ஐந்து சதவீதத்தில், அதற்கு 300 புதிய இலவச வாசகர்கள் வரவேண்டும். அதாவது மாதத்துக்கு 25 பேர். சந்தாதாரரை 100 ஆக்க வேண்டுமானால் 65 புதியவர்கள், அதற்கு 1300 புதிய வாசகர்கள். அடியில் துளையுள்ள வாளியில் நீர் நிரப்புவது போன்ற வேலை இது. துளையைச் சிறிதாக்காமல் நீரை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தால் கை ஓய்ந்துவிடும். ஆகவே புதியவர்களைத் தேடுவதற்கு முன், விலகிய 15 பேருக்கும் தனித்தனியாக எழுதி, ஏன் விலகினீர்கள் என்று கேட்பதே முதல் வேலை. "படிக்க நேரமில்லை" என்று பலர் சொன்னால் மடல் நீளம். "எங்கள் கணக்காளர் சொல்லித் தருகிறார்" என்று சொன்னால், அவர்கள் ஆரம்பத்திலிருந்தே இந்த மடலின் வாசகர்கள் அல்லர்.

ஆண்டுச் சந்தாவில் ஒரு பொறுப்பும் அடங்கியிருக்கிறது. ஜனவரியில் வாங்கிய 4000 ரூபாய் ஜனவரியில் உழைத்த பணம் அல்ல; அது இன்னும் 26 மடல் கடன். கணக்கியல் படிக்கும் மாணவியருக்கு இது முற்பணமாகப் பெற்ற வருமானம் என்று தெரியும்; ஐந்தொகையில் அது பொறுப்பாகவே காட்டப்படும். பதின்மூன்று மடலோடு நிறுத்த நேர்ந்தால் பாதிப் பணம் திரும்பக் கொடுக்கப்பட வேண்டியது. எனவே வரும் சந்தாவை வேறொரு கணக்கில் வைத்து, மடல் போகப் போக அதற்குரிய பங்கை மட்டும் எடுத்துச் செலவழிப்பதுதான் நேர்மையான வழி.

அனுசரணை

பெரிய மடல்களில் அனுசரணைக் கட்டணம் ஆயிரம் வாசகருக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். 1000 பேர் கொண்ட மடலுக்கு அந்த முறை பொருந்தாது. கிடைப்பது தேநீர்ச் செலவுக்கே போதாது. குறுகிய மடலின் பலம் வேறு. கணக்கியல் மென்பொருள் விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு அந்த 1000 பேருமே தேடித் திரியும் வாடிக்கையாளர்கள். அவர்களில் இருவர் வாங்கினாலே செலவழித்த பணம் திரும்பிவிடும். ஆகவே ஒரு மடலுக்கு இவ்வளவு என்று நிலையான தொகையைப் பேச வேண்டும். 3000 ரூபாய் வீதம் 26 மடலில் 13க்கு அனுசரணை கிடைத்தாலும் 39,000 ரூபாய்.

அனுசரணையாளர் "எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள்?" என்று கேட்பார். அந்த எண்ணை நம்பிப் பேசக் கூடாது. 2021இல் அப்பிள் நிறுவனம் தனது மின்னஞ்சல் செயலியில் ஓர் அந்தரங்கப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதிலிருந்து, வாசகர் மடலைத் திறக்காவிட்டாலும் திறந்ததாகப் பதிவாகக்கூடும். எத்தனை பேர் இணைப்பை அழுத்தினார்கள், எத்தனை பேர் விசாரித்தார்கள் என்பவற்றையே சொல்ல வேண்டும். எண் சிறிதாக இருந்தாலும் உண்மையான எண்ணைச் சொன்னவரிடம்தான் அனுசரணையாளர் மறுமுறை வருவார்.

மடலில் அனுசரணைப் பகுதிக்கு மேலே 'அனுசரணை' என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். எந்த மென்பொருள் நல்லது என்று ஒப்பிட்டு எழுதும் மடலில் அந்த மென்பொருள் நிறுவனத்தின் பணம் இருக்கக் கூடாது. உடனடிக் கடன், குறுகிய காலத்தில் இரட்டிப்புப் பணம் என்று வருவோரே அதிகத் தொகை தர முன்வருவார்கள். அவர்களை ஏற்றுக்கொண்டால், நம்பிப் படிக்கும் கடைக் கணக்காளரை நாமே குழியில் தள்ளியவர்களாவோம்.

பட்டியலும் பணம் வரும் வழியும்

முகநூலில் ஐயாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் நமது பதிவை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிப்பது முகநூல்தான். மின்னஞ்சல் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி எடுத்துக்கொண்டு வேறு சேவைக்கு மாறலாம். அந்தப் பட்டியல்தான் இத்தொழிலின் முதல். அதே வேளை, அது பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமும் ஆகும். யாருக்கும் விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது.

பட்டியலை விலைக்கு வாங்குவதும், கையில் கிடைத்த முகவரிகளையெல்லாம் சேர்ப்பதும் மடலுக்கே கேடு. பெருந்தொகையாக மின்னஞ்சல் அனுப்புவோருக்கு ஜீமெயில் 2024இல் கொண்டுவந்த விதிகளின்படி, வேண்டாத அஞ்சல் என்று முறையிடுவோர் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர்! கேட்காதவருக்கு அனுப்பினால் அந்த மூன்று பேர் முதல் நாளிலேயே சேர்ந்துவிடுவார்கள். அதன் பிறகு கேட்டுச் சேர்ந்தவர்களுக்கும் மடல் குப்பைப் பெட்டிக்குப் போகத் தொடங்கும். அப்படிப் போகிறதா என்பதை அறிய, வீட்டாரின் மூன்று நான்கு வெவ்வேறு மின்னஞ்சல் முகவரிகளைப் பட்டியலில் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். பெயர் கொடுப்பவருக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி, அவர் அதை அழுத்திய பின்னரே சேர்த்துக்கொள்ளுங்கள். விலகும் இணைப்பை மறைக்காதீர்கள்.

பணம் வரும் வழியில் நமது நாட்டுக்கே உரிய ஒரு தடை இருக்கிறது. சப்ஸ்டாக்கில் இலவச மடலை இங்கிருந்து எவரும் நடத்தலாம். ஆனால் அங்கு சந்தாப் பணம் 'ஸ்ட்ரைப்' என்ற கொடுப்பனவு நிறுவனத்தின் ஊடாகவே வருகிறது. ஸ்ட்ரைப் இலங்கையில் கணக்குத் திறக்க இடமளிப்பதில்லை. வெளிநாட்டு உறவினர் பெயரில் கணக்குத் திறந்து சமாளிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வருமானம் ஒருவருடையது, கணக்கு இன்னொருவருடையது என்றால், வரியிலும் உறவிலும் சிக்கல் வரும். ஐம்பது பேரிடம் ஆண்டுக்கு ஒரு தடவை அறவிடுவதற்கு வங்கிக் கணக்கும் ஒரு கணக்கேடும் போதும். பணம் அனுப்பியவருக்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, கட்டண மடல் பட்டியலில் அவர் பெயர், புதுப்பிக்கும் திகதி. கடைக் கணக்காளருக்குக் கடனட்டையை விட இதுவே பழக்கமானதும்கூட. தொகை கூடும்போது உள்நாட்டுக் கொடுப்பனவு நிறுவனமொன்றின் நிபந்தனைகளையும் கட்டணத்தையும் விசாரித்து இணையலாம். சப்ஸ்டாக் அறவிடும் 10 சதவீதமும் இதனால் மிஞ்சும்.

எப்போது பணம் கேட்பது?

இதில்தான் அதிகமானோர் அவசரப்படுகிறார்கள். முதல் ஐம்பது பேரும் உறவினரும் வகுப்புத் தோழியருமாக இருப்பார்கள். அவர்கள் நம்மீதுள்ள அன்பால் சேர்ந்தவர்கள். அவர்களை வைத்து மடலின் பெறுமதியை அளக்க முடியாது. அறிமுகமில்லாத ஒருவர் மடலுக்குப் பதில் எழுதிக் கேள்வி கேட்பதே முதல் அடையாளம். ஒருவரின் அலுவலகத்திலிருந்து இன்னும் இருவர் பெயர் கொடுப்பது இரண்டாவது. ஒரு முறை மடல் இரண்டு நாள் பிந்தும்போது, "இன்னும் வரவில்லையே" என்று முன்பின் தெரியாத சிலர் எழுதினால் அது மூன்றாவது. இம்மூன்றும் தெரியாமல் சந்தா கேட்டால், பணமும் வராது, இருந்தவர்களும் சங்கடப்பட்டு ஒதுங்குவார்கள்.

பாடசாலையில் இருக்கும் மாணவியருக்கு நான் சொல்வது இதுதான். இப்போது பணத்தை நினைக்க வேண்டாம். நீங்கள் ஆழமாகப் படிக்கும் ஒரு விடயத்தை எடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஓராண்டுக்கு 26 மடல் எழுதிப் பாருங்கள். பத்தாவது மடலில் எழுத ஒன்றுமில்லை என்று தோன்றினால் விடயம் உங்களுடையது அல்ல. செலவில்லாமல் அதை அறிந்துகொண்டீர்கள். இருபத்தாறாவது மடலிலும் சொல்ல மிச்சமிருந்தால், உயர்தரமும் தொழிற்கல்வியும் முடியும்போது உங்களிடம் சான்றிதழோடு ஒரு வாசகர் பட்டியலும் இருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகள் இந்த வேலையில் இருக்கும்போது, "எவ்வளவு வந்தது?" என்று முதலாண்டில் கேட்காதீர்கள். "இந்த முறை தெரியாதவர்கள் எத்தனை பேர் பதில் எழுதினார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவள் சொல்லும் எண் மாதாமாதம் கூடிக்கொண்டு வந்தால், பணத்தைப் பற்றிய கேள்வியை இரண்டாம் ஆண்டில் கேட்கலாம்.